இட்லிக் குழியில் வேகும் ஸ்பாஞ்ச் கேக்

ஓவன் இல்லாத வீட்டில் கேக் செய்ய என்ன வழி என்று கேட்டால் பெரும்பாலோர் குக்கரைத்தான் காட்டுவார்கள். அடியில் கல் உப்போ மணலோ பரப்பி, காஸ்கெட்டைக் கழற்றி, வெயிட்டை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு தாங்கி வைத்து அதன்மேல் கேக் டின். முக்கால் மணி நேரம் சிறு தீ. பழகிய கைக்கு இது நன்றாகவே வரும். புதிதாகத் தொடங்குபவருக்கோ, பெரும்பாலும் அடி கருகி நடு பச்சையாக நிற்கும். தண்ணீரே இல்லாமல் அவ்வளவு நேரம் காயும் குக்கருக்கும் அது நல்லதல்ல. இத்தனைக்கும் கேக்கை வேக வைக்கத் தோதான பாத்திரம் ஒன்று அதே சமையலறையில் தினமும் காலையில் அடுப்பேறி இறங்குகிறது.

இட்லிப் பாத்திரத்தைத்தான் சொல்வது. அதன் குழி ஓரத்தில் மெலிந்தும் நடுவில் சற்றே ஆழமாகவும் இருக்கிறது. நடுவிலேயே இரண்டு விரற்கடை உயரம்தான் வரும். மேலிருந்தும் கீழிருந்தும் ஆவி படுவதால் நடு வேகாமல் போகும் பேச்சே இல்லை. இன்னொன்று, ஆவியின் வேகம். ஓவனுக்குள் இருப்பது 180 டிகிரிச் சூட்டில் வறண்ட காற்று. இட்லிப் பாத்திரத்துக்குள் இருப்பது 100 டிகிரி நீராவி. சூடு குறைவாகத் தெரிந்தாலும், ஒரு கிராம் ஆவி மாவின் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது 540 கலோரி அளவுக்கு வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. அதனால்தான் ஓவனில் கால் மணி, இருபது நிமிடம் கேட்கும் சின்ன கப் கேக் அளவு மாவு இங்கே 12 நிமிடத்தில் வெந்துவிடுகிறது.

அந்த 100 டிகிரியே இந்தக் கேக்கின் எல்லையும். மேல்தோல் பழுப்பேறி மணக்க அதற்கு மேற்பட்ட சூடு வேண்டும், உலர்வும் வேண்டும். இரண்டும் ஆவியில் கிடையாது. எனவே பேக்கரி கேக்கின் தவிட்டு நிற மேல்தோலை இதில் தேட வேண்டாம். வெளுத்த மஞ்சளாய், தொட்டால் அமுங்கி எழும்பும் மெத்தென்ற கேக்தான் வரும். சீன உணவகங்களில் டிம் சம் வகையறாவோடு பரிமாறப்படும் 'மா லாய் கோ' என்ற ஆவி கேக்கும் இந்த ஜாதிதான். அதற்குப் பழுப்பு நிறம் கொடுப்பது வேகும் முறை அல்ல, அதில் சேரும் பழுப்புச் சர்க்கரை.

இனி, அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய அட்டை. 12 குழிக்கான அளவு இது.

வேண்டியவை: முட்டை 2. சர்க்கரை 80 கிராம் (200 மில்லி டம்ளரில் பாதிக்குச் சற்றுக் குறைவு), மிக்ஸியில் பொடித்தது. மைதா 80 கிராம் (அதே டம்ளரில் அமுக்காமல் முக்கால்). பேக்கிங் பவுடர் தலைதட்டி முக்கால் டீஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை. வாசனையில்லாத எண்ணெய் 2 மேசைக்கரண்டி. பால் 2 மேசைக்கரண்டி. வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன். குழியில் தடவ எண்ணெய் தனி.

செய்முறை: இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலிக்கவும். முட்டையையும் சர்க்கரைப் பொடியையும் வெளுத்து மூன்று மடங்காக உப்பும் வரை அடிக்கவும். வெனிலா விடவும். சலித்த மாவை மூன்று தவணையாகத் தூவி, அடியிலிருந்து அள்ளிப் புரட்டிக் கலக்கவும். பாலும் எண்ணெயும் கடைசியில். எண்ணெய் தடவிய குழியில் இரண்டு மேசைக்கரண்டி வீதம் விட்டு, துணி கட்டிய மூடியால் மூடி, நடுத்தர தீயில் 12 நிமிடம். அடுப்பை அணைத்து 3 நிமிடம் கழித்துத் திறக்கவும்.

அட்டை இவ்வளவுதான். ஆனால் அட்டையை மட்டும் பார்த்துச் செய்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதைத் தெரிந்துகொள்ள, அதை ஒரு சமையலறைக்குள் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். திருப்பூரில் ஒற்றை அறை வீடு, ஒற்றை அடுப்பு. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, கூட வேலை செய்யும் தோழியின் பிறந்தநாளுக்குத் தன் கையாலேயே கேக் செய்து கொண்டுபோக நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் இருப்பது ஓர் எவர்சில்வர் குண்டான், ஒரு மிக்ஸி, கடையில் 60 ரூபாய்க்கோ 70 ரூபாய்க்கோ வாங்கிய கம்பி விஸ்க். மூன்று தட்டு இட்லி ஸ்டாண்டும் அதற்கான பாத்திரமும் வீட்டுக்கார அம்மா கொடுத்தது. அந்த அம்மாவுக்குக் கேக் தெரியாது. ஆனால் ஆவியைத் தெரியும். பாதிக் காரியம் அதில்தான் இருக்கிறது.

முதலில் தட்டைப் பார்க்க வேண்டும். இட்லித் தட்டு இரண்டு வகை. துணி போட்டு ஊற்றும் தட்டில் குழி முழுக்கப் பெரிய ஓட்டைகள் இருக்கும். துணியில்லாமல் ஊற்றும் தட்டில் ஊசிமுனை போல மூன்று நான்கு ஓட்டைகள் இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. கேக்குக்கு இரண்டாவது வகைதான் சரி. துணியில் இட்லி அழகாக உரிந்து வரும். சர்க்கரை சேர்ந்த மாவு துணியோடு ஒட்டிக்கொண்டு பாதிக் கேக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். வீட்டில் இருப்பது துணித் தட்டு மட்டும் என்றால், குழிக்குத் தக்கபடி வாழையிலையை வட்டமாக நறுக்கி, தணலில் ஒரு முறை காட்டி வாட்டி, எண்ணெய் தடவிப் போட்டுக்கொள்ளலாம். காகிதக் கப்பும் போடலாம். வாழையிலை வாசனைக்கும் வெனிலாவுக்கும் ஒத்துப்போகுமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒத்துப்போகும், வெனிலாவுக்குப் பதில் ஏலக்காய் என்றால் இன்னும் நன்றாக ஒத்துப்போகும்.

அடுத்தது முட்டை அடிப்பது. இந்த அட்டையில் கையும் நேரமும் அதிகம் கேட்கும் இடம் இதுதான். இட்லி மாவில் குமிழிகளை உண்டாக்குவது இரவெல்லாம் நடக்கும் புளிப்பு. ஸ்பாஞ்ச் கேக்கில் அந்த வேலை முட்டைக்குள் கை அடித்து ஏற்றும் காற்றுக்கு. முட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருந்தால் நுரை எளிதில் எழும்பாது. அரைமணி நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும். அவசரமென்றால் குண்டானை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி அடிக்கலாம். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக்கூடாது. பிளாஸ்டிக் கிண்ணம் கழுவினாலும் பிசுக்கை விடாது என்பதால் எவர்சில்வரே நல்லது. கையால் அடித்தால் எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கும். தோள் வலிக்கும், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விஸ்க்கைத் தூக்கினால் வழியும் கலவை, கோலமாவு இழை போலக் கீழே உள்ளதன் மேல் இரண்டு மூன்று விநாடி நின்று பிறகு அமிழ வேண்டும். விழுந்தவுடனே கரைந்துபோனால் இன்னும் அடிக்க வேண்டும்.

மிக்ஸி இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று தோன்றும். மிக்ஸி சர்க்கரை பொடிக்க மட்டும். அதன் கத்தி காற்றை ஏற்றுவதைவிட வெட்டுவதில் கெட்டி. மைதாவையும் அதில் போட்டு ஒரு சுற்று விட்டால் மாவில் பசைத்தன்மை ஏறி, கேக் ரப்பராக இழுக்கும்.

இந்த இடத்தில் பேக்கிங் பவுடர் எதற்கு என்ற கேள்வி வரும். தேர்ந்த பேக்கரிக்காரர் மெஷினில் அடிக்கும் ஸ்பாஞ்சுக்கு அது இல்லாமலேயே செய்துவிடுவார். கையால் அடிக்கும் புதியவருக்கு அது காப்பீடு. நுரை கொஞ்சம் குறைந்தாலும், ஆவி பட்டதும் பேக்கிங் பவுடர் கரியமில வாயுவை வெளிவிட்டு மாவைத் தூக்கிப் பிடிக்கும். இந்தப் பொடியின் பிறப்பே ஓர் அடுக்களைச் சிக்கலில்தான். பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843-இல் இதை உருவாக்கினார். முட்டையும் ஒத்துக்கொள்ளாத அந்த அம்மாளுக்காக அதற்கு முன்பே முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைச் செய்தவரும் அவரே.

பேக்கிங் பவுடர் வேறு, ஆப்பசோடா வேறு. டப்பாவில் இரண்டும் ஒரே வெள்ளைப் பொடிதான். ஆப்பசோடா மூன்று நான்கு மடங்கு வீரியம் கொண்டது. அதோடு வேலை செய்யப் புளிப்பு வேண்டும். இந்த அட்டையில் தயிரோ எலுமிச்சையோ இல்லை. பேக்கிங் பவுடர் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் டீஸ்பூன் ஆப்பசோடா விழுந்தால் கேக்கில் சோப்பு நாற்றமும் கசப்பும் வரும், ஆங்காங்கே பழுப்புப் புள்ளி தெரியும். பழைய பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அரை டீஸ்பூனைக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். சடசடவென்று பொங்கினால் நல்லது. சோம்பலாக இரண்டு குமிழி விட்டால் புது டப்பா வாங்க வேண்டியதுதான். நிறத்துக்காக மஞ்சள் தூள் சேர்க்கும் யோசனையும் வேண்டாம். சோடா மிஞ்சியிருந்தால் மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் ஆக்கும் அதே ரசாயனம்.

மாவைக் கலக்குவதில் இட்லிக்காரர்களுக்குப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. புளித்து உப்பிய மாவை யாரும் போட்டுக் கடைவதில்லை. ஊற்றும் முன் அடியிலிருந்து மெல்ல அள்ளித்தான் எடுப்பார்கள். இங்கும் அப்படியே. தூவிய மைதா கண்ணுக்கு மறைந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். எண்ணெயைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம், கொழுப்பு பட்டால் முட்டை நுரை அமுங்கும். எண்ணெயையும் பாலையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் இரண்டு கரண்டி கேக் மாவைப் போட்டுக் கலக்கி, அந்தக் கலவையைக் குண்டானில் சேர்த்து ஐந்தாறு முறை புரட்டினால் போதும். எண்ணெயை நேராக ஊற்றினால் அது கனத்தில் அடியில் போய்த் தங்கும். அதைக் கலக்கப் போய் நுரை மொத்தமும் படுத்துவிடும்.

இப்போது தண்ணீர். ஆவி கேக்கைக் கெடுக்கும் முதல் எதிரி தண்ணீர்தான். தீயோ மாவோ அதற்கு அடுத்துதான் வரும். மூடியின் உட்புறம் ஆவி குளிர்ந்து முத்து முத்தாகக் கோத்து நிற்கும். இட்லி மேல் நான்கு சொட்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது. கேக் மேல் விழுந்தால் அந்த இடம் குழிந்து, பிசுபிசுவென்று மாவுக் களியாக நிற்கும். சீனர்கள் மூங்கில் கூடையில் வேக வைப்பதால் இந்தத் தொல்லை குறைவு. பின்னிய மூங்கில் மூடி ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும், ஈரத்தைத் தானும் குடிக்கும். எவர்சில்வர் மூடிக்கு அந்தக் குணம் இல்லை. சுத்தமான பருத்தித் துணியால் மூடியைச் சுற்றி, நான்கு முனையையும் மேலே கைப்பிடியில் முடிந்துவிட வேண்டும். முனை தொங்கினால் தீப்பிடிக்கும்.

மூடி மட்டுமல்ல, மேல் தட்டும் சொட்டும். வீட்டுக்கார அம்மா இதைத்தான் முதலில் கவனிப்பார். "குழிக்கு நேரா குழி வைக்காத கண்ணு, திருப்பி வை" என்பார். மேல் தட்டின் குழி கீழ்த் தட்டின் குழிக்கு நேர் மேலே வந்தால், அங்கே கோக்கும் தண்ணீர் சரியாகக் கீழ்க் கேக்கின் நடுவில் விழும். உப்பி எழும் கேக் மேல் குழியின் அடியில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. தட்டைக் கால் திருப்பு திருப்பினால் இரண்டும் தீரும். குழியில் முக்கால் வரைக்கும் மேல் மாவு ஊற்றாமல் இருப்பதும் இதற்காகவே.

பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். கொதிக்கும்போது கீழ்த் தட்டைத் தொடக்கூடாது. அலுமினியப் பாத்திரம் என்றால் அதில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டால் உட்புறம் கறுக்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் ஸ்டாண்டை இறக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சூடேற்றினால், ஆவி வருவதற்குள் நுரை பாதி இறங்கி, கேக்கின் அடியில் பலகை மாதிரி கெட்டியான ஓர் அடுக்கு தங்கிவிடும். அதற்காகத் தீயைக் கொழுந்துவிட்டு எரியவும் விடக்கூடாது. பெருந்தீயில் கேக் அவசரமாக எழும்பி மேலே வெடிக்கும், ஆறும்போது சுருங்கி முகம் சுளிக்கும்.

இட்லிப் பாத்திரத்துக்குப் பதில் குக்கரில் ஸ்டாண்டை வைப்பவர்கள் வெயிட் போடக்கூடாது. வெயிட் போட்டால் உள்ளே சூடு 120 டிகிரி வரை போகும். அழுத்தம் இறங்கும்போது கேக்குக்குள் இருக்கும் ஈரம் திடீரென்று ஆவியாகிக் குமிழிகளைக் கிழித்துவிடும். திறந்து பார்த்தால் தட்டையான அப்பம்தான் மிஞ்சும். குக்கர் மூடிக்குத் துணி கட்ட வசதியில்லாததால், மேல் தட்டை ஒரு வாழையிலைத் துண்டால் தளர்வாக மூடினால் சொட்டுக்குப் பயமில்லை.

நம் திருப்பூர்ப் பெண்ணுக்கு இங்கே ஒரு கணக்கும் தேவை. மூன்று தட்டிலும் சேர்த்து 12 குழி, மாவும் 12 குழிக்கு. ஒரே ஈடு. இதுவே ஒற்றைத் தட்டு, நான்கு குழி என்றால் மூன்று ஈடு ஆகும். மாவு முக்கால் மணி நேரம் காத்திருக்கும். இட்லி மாவு காத்திருக்கும், கேக் மாவு காத்திராது. முட்டை நுரை நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும், பேக்கிங் பவுடரும் ஈரம் பட்ட நொடியிலிருந்து தன் வாயுவைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் ஈடு முதல் ஈட்டின் பாதி உயரம்தான் வரும். குழி குறைவாக இருப்பவர்கள் அளவைப் பாதியாக்கி ஒரு முட்டையில் செய்வதே புத்திசாலித்தனம்.

12 நிமிடத்துக்கு முன் திறந்து பார்க்கக் கை பரபரக்கும். முதல் எட்டு நிமிடம் நிச்சயமாகத் தொடக்கூடாது. அதற்குள் முட்டையும் மாவும் இறுகி நிற்கத் தொடங்கியிராது. குளிர்ந்த காற்று பட்டால் நடு அமுங்கும், அமுங்கியது மறுபடி எழாது. நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து மூன்று நிமிடம் விட வேண்டும். பிறகு மூடியை நேராகத் தூக்காமல், தனக்கு எதிர்ப்பக்கம் முதலில் திறக்கும்படி சாய்த்து எடுக்க வேண்டும். துணி கட்டியிருந்தாலும் ஓரத்தில் தேங்கிய தண்ணீர் வழியும். சாய்த்து எடுத்தால் அது கேக் மேல் விழாது, ஆவியும் முகத்தில் அடிக்காது. நடுத் தட்டில் ஒரு கேக்கின் மையத்தில் பல்குத்தும் குச்சியைச் செருகிப் பார்த்தால், ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். ஒட்டினால் மேலும் இரண்டு நிமிடம்.

சூட்டோடு எடுக்கப் போனால் பிய்யும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஸ்பூனின் ஓரத்தைத் தண்ணீரில் நனைக்காமல் எண்ணெயில் தொட்டு, விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் ஓட்டினால் முழுதாக எழும்பி வரும். எடுத்தவுடன் டப்பாவில் அடைத்தால் வேர்த்துப்போகும். கம்பி ஜல்லியிலோ முறத்திலோ பரப்பி முழுக்க ஆற வைக்க வேண்டும்.

பிறந்தநாள் என்றால் அலங்காரம் வேண்டுமே. கிரீம் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆவி கேக்கில் ஈரம் அதிகம், காய்ந்த மேல்தோலும் இல்லை. திருப்பூர் வெயிலில் கிரீம் வழுக்கி ஓரமாக இறங்கும். இரண்டு கேக்கின் தட்டைப் பக்கங்களுக்கு நடுவே அன்னாசி ஜாம் தடவி ஒட்டினால் உருண்டையான ஒரு சாண்ட்விச் கிடைக்கும். ஒட்டிய விளிம்பை ஜாமில் தொட்டுத் தேங்காய்த் துருவலில் உருட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும். சாக்லேட் நிறம் வேண்டுமென்றால் மைதாவில் ஒன்றரை மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அதே அளவு கோக்கோ பவுடர் போட்டுச் சலிக்கலாம். நாட்டுச்சர்க்கரை போட்டாலும் நல்ல நிறம் வரும், வாசனையும் நம்முடையதாக இருக்கும்; ஆனால் நுரை குறைந்து கேக் கொஞ்சம் கனமாக நிற்கும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு இந்த அட்டை செல்லாது. இதில் முட்டைதான் காற்றையும் பிடிக்கிறது, வெந்ததும் உருவத்தையும் நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டுப் பாலை ஊற்றினால் இனிப்புக் களிதான் கிடைக்கும். தயிரும் ஆப்பசோடாவும் சேர்ந்து வேலை செய்யும் அட்டை வேறு, அதன் அளவுகளும் வேறு.

ஈரம் மிகுந்த கேக் என்பதால் வெயில் காலத்தில் மறுநாள் மாலைக்கு மேல் வெளியே தாங்காது. ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது, ஆனால் விறைத்துப்போகும். சாப்பிடும் முன் இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் மெத்தென்று ஆகிவிடும். முதல் தடவை செய்பவர்கள் எடுத்த எடுப்பில் விருந்தாளிக்குச் செய்யாமல், முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை அளவில் ஆறு குழி ஊற்றிப் பாருங்கள். உங்கள் அடுப்பின் நடுத்தரத் தீக்கு 12 நிமிடமா 14 நிமிடமா என்று தெரிந்துவிடும்; அந்த எண்ணை அட்டையில் பேனாவால் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.